பழைய கேம் பாயின் விலையைச் சொல்லும் மின்கலன் அறை

வீட்டு அலமாரியின் அடியில் கிடந்த பழைய கேம் பாய் ஒன்றை விற்கலாம் என்று எடுத்துப் பார்ப்பவர்கள், முதலில் அதன் வெளித்தோற்றத்தைத்தான் கவனிப்பார்கள். பழைய மின்சாதனங்களைச் சேகரிப்பவர்களோ அதைத் திருப்பி, மின்கலன் மூடியைத்தான் முதலில் திறப்பார்கள்.

நிண்டெண்டோ நிறுவனம் 1989ல் ஜப்பானில் அறிமுகம் செய்த கேம் பாய், நான்கு ‘ஏஏ’ மின்கலன்களில் இயங்கியது. அவற்றை எடுக்காமல் பல ஆண்டுகள் விட்டுவிட்டால், உள்ளிருக்கும் காரத் திரவம் கசியும். அது காற்று பட்டு வெள்ளைப் பொடியாகப் படியும். உலோகத் தகடுகளில் பச்சை, நீல நிறத்தில் அரிப்பை ஏற்படுத்தும்.

படிவு தகடுகளோடு நின்றிருந்தால் பாதிப்பு சிறியது. கையுறை அணிந்து, வினிகரில் இலேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்தால் பெரும்பாலும் மீண்டும் மின்சாரம் பாயும். கசிவு உள்ளே மின்சுற்றுப் பலகைவரை ஊர்ந்திருந்தால், நூலிழை போன்ற செம்புத் தடங்கள் அரிக்கப்பட்டிருக்கும். அத்தகைய கருவியைப் பெரும்பாலோர் உதிரிபாகங்களுக்காக மட்டுமே வாங்குவர்.

‘சோதிக்கப்படவில்லை’ என்றால்?

இணையத்தில் விற்போர் பலர், ‘சோதிக்கப்படவில்லை’ என்று குறிப்பிடுவது உண்டு. நான்கு மின்கலன்களைப் போட்டுப் பார்த்தாலே நிலைமை தெரிந்துவிடும் என்பதால், அனுபவமுள்ளவர்கள் அதைப் ‘பழுதானது’ என்றே எடுத்துக்கொண்டு விலை பேசுவார்கள். விற்பவருக்குத்தான் நட்டம்.

சோதிப்பது எளிது. மேலே உள்ள விசையைத் தள்ளியதும் திரையின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். பக்கவாட்டில் உள்ள சிறு சக்கரங்களைத் திருப்பி, திரையின் அடர்த்தியும் ஒலியும் மாறுகின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்க்க வேண்டும்.

திரையில் மேலிருந்து கீழாகச் சில கோடுகள் மட்டும் தெரியாமல் போவது, இந்தக் கருவிக்கே உரிய பழுது. திரையை இணைக்கும் மெல்லிய நாடாவின் தொடர்பு தளர்வதே காரணம். பற்றவைப்புக் கருவியால் அந்த இடத்தைச் சூடாக்கிப் பலர் சரிசெய்கிறார்கள். எனவே அந்தக் கோடுகள் விலையைக் குறைத்தாலும், கருவியைக் குப்பையில் போடக் காரணம் ஆகா.

பளபளப்பு ஏமாற்றலாம்

வெயிலும் வெப்பமும் பட்டால் சாம்பல் நிற நெகிழிக் கூடு மஞ்சளாகும். இதை மறைக்கப் புதிய கூடு வாங்கி மாட்டுவோரும் உண்டு. விளையாடுவதற்காக வாங்குபவர் அதைப் பொருட்படுத்தமாட்டார். சேகரிப்பாளரோ, கீறல் விழுந்த அசல் கூட்டுக்கே கூடுதலாகக் கொடுப்பார். பின்புறத்தில் இருக்கவேண்டிய மூன்று கிளைத் திருகாணிகளுக்குப் பதிலாகச் சாதாரணத் திருகாணிகள் இருந்தால், யாரோ திறந்திருக்கிறார்கள் என்று அவர் புரிந்துகொள்வார்.

விளையாட்டு அட்டைகளிலும் மின்கலன் உண்டு. போக்கிமோன் போன்ற விளையாட்டுகளின் அட்டைக்குள் இருக்கும் நாணய வடிவ மின்கலன் தீர்ந்தால், விளையாட்டு ஓடும். ஆனால் ஆட்டம் எதுவரை வந்தது என்பது பதிவாகாது. வாங்கும் முன் ஓர் ஆட்டத்தைச் சேமித்து, அணைத்து, மீண்டும் திறந்து பார்ப்பது நல்லது.

கைப்பேசியில் ‘வேலை செய்கிறது’ என்பதன் பொருள் வேறு. சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. எனவே 2000ல் வெளிவந்த நோக்கியா 3310 இங்கு ஒளிரும், ‘ஸ்னேக்’ விளையாட்டும் ஓடும். அழைப்பு மட்டும் செல்லாது. அதன் விலையைத் தீர்மானிப்பவை திரை, விசைகள், அசல் மேலுறை, பெட்டி ஆகியவையே.

பிரிக்கப்படாத பெட்டிக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. 2007ல் 499 அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்ட 4 ஜிபி ஐஃபோன் ஒன்று, உறை பிரிக்கப்படாமல் 2023 ஜூலையில் நடந்த ஏலத்தில் 190,000 டாலருக்கும் மேல் விலைபோனது. அது இயங்குமா என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள உறையைப் பிரித்தால், அந்த விலையும் போய்விடும்.

உறை பிரித்துப் பயன்படுத்திய பொருளை வைத்திருப்போர் இன்றே செய்யக்கூடியது ஒன்றுதான்: மின்கலன்களை வெளியே எடுத்துவிட்டு, வெயில் படாத, ஈரமற்ற இடத்தில் வைப்பது. கைப்பேசியின் மின்கலன் உப்பியிருந்தால், அதை மின்னூட்டவோ அழுத்தவோ குத்தவோ கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.