மலிவான மதிப்பெண்

ஆறு இணைப்புகள். ஒவ்வோர் இணைப்பிலும் ஐந்து செயல்களில் ஏதேனும் ஒன்றை வைக்கலாம். ஐந்தின் ஆறாம் அடுக்கு 15,625. இத்தனை வடிவங்களுக்கு மேல் அந்தத் தேடல் வெளியில் எதுவும் இல்லை.

ஷுவான்யி டோங், யி யாங் என்ற இரு ஆய்வாளர்கள் 2020இல் இந்த 15,625 வலையமைப்புகளையும் ஒவ்வொன்றாக முழுமையாகப் பயிற்றுவித்து, விடைகளை அட்டவணையாக வெளியிட்டார்கள். அட்டவணையின் பெயர் நாஸ்பெஞ்ச்-201. இதனால் ஓர் அரிய நிலை உருவானது. ஒரு தேடல் முறை எதைத் தேர்ந்தெடுத்தாலும், அந்தத் தேர்வின் உண்மையான தரத்தை அட்டவணையைப் பார்த்து உடனே சொல்லிவிடலாம். அந்தத் தேடல் வெளியில் மிகச் சிறந்தது எது என்பதும் தெரியும்.

சிஃபார்-10 என்ற படத் தொகுப்பில் பத்து வகைப் பொருள்களின் சிறிய படங்கள் உள்ளன. கண்ணை மூடிக்கொண்டு விடை சொன்னால் 10 விழுக்காடு சரியாக வரும். அட்டவணையின் மிகச் சிறந்த வலையமைப்பு எடுத்தது 94.37. மனிதர்கள் வடிவமைத்த ரெஸ்நெட் எடுத்தது 93.97. தற்செயலாகச் சில வலையமைப்புகளை எடுத்து, பயிற்றுவித்து ஒப்பிடும் எளிய தேடலுக்குக் கிடைத்தது 93.70. அன்று துறையில் மிக அதிகமாகப் பின்பற்றப்பட்ட டார்ட்ஸ் முறை தேர்ந்தெடுத்த வலையமைப்பு எடுத்தது 54.30. மீண்டும் ஓட்டியபோதும் அதே எண் வந்தது. விலகல் 0.00.

அது தேர்ந்தெடுத்த வடிவத்தில் ஆறு இணைப்புகளிலும் ஒரே செயல் இருந்தது. அதற்குப் பெயர் தாவு இணைப்பு: உள்ளே வரும் தரவை எந்த மாற்றமும் செய்யாமல் வெளியே அனுப்புவது. அதில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. தேடலின் கையில் விடப்பட்டிருந்த அடுக்குகள் அனைத்தும் வெறும் கம்பிகளாகிவிட்டன. 54.30 என்ற மதிப்பெண்ணும் தேடல் தொடாத நிலையான பகுதிகள் ஈட்டிக் கொடுத்தது.

டார்ட்ஸ் தோன்றியதற்குக் காரணம் செலவு. வலையமைப்பின் வடிவத்தை மனிதர் வரையாமல் கணினியே தேடிக் கண்டுபிடிப்பதற்குக் கட்டமைப்புத் தேடல் என்று பெயர். பேரட் ஸோஃப், குவோக் லே இருவரும் 2016இல் கூகுளில் இதைச் செய்துகாட்டினார்கள். 800 ஜிபியுக்கள் 28 நாள் ஓடின. 12,800 வலையமைப்புகள் பயிற்சி பெற்றன. ஜிபியு நாள் கணக்கில் இது 22,400. பெரிய நிறுவனங்களைத் தவிர வேறு எவராலும் திரும்பச் செய்து பார்க்க முடியாத சோதனை.

2018 பிப்ரவரியில் இனாஸ் என்ற முறை வந்தது. ஒரே ஒரு ஜிபியு, 16 மணி நேரத்துக்கும் குறைவு. சில மாதங்களில் டார்ட்ஸ் வந்தது. அதற்கு ஒன்றரை முதல் நான்கு ஜிபியு நாள் போதும். இரண்டும் செலவைக் குறைத்தது ஒரே வழியில்தான். ஒவ்வொரு வடிவத்தையும் தனியாகப் பயிற்றுவிப்பதற்குப் பதிலாக, எல்லா வடிவங்களையும் உள்ளடக்கிய ஒரே பெருவலையை அவை பயிற்றுவித்தன. துறையில் இதைச் சூப்பர்நெட் என்பார்கள். ஒவ்வொரு வடிவமும் இந்தப் பெருவலையின் ஒரு கிளை. கிளைகள் அனைத்தும் ஒரே எடைகளைப் பகிர்ந்துகொள்கின்றன. எடைகள் என்பவை பயிற்சியின்போது வலையமைப்பு கற்றுக்கொள்ளும் எண்கள். ஒரு கிளையை மதிப்பிட அதைப் புதிதாகப் பயிற்றுவிக்க வேண்டாம். பெருவலையில் ஏற்கெனவே உள்ள எடைகளோடு ஓட்டிப் பார்த்தால் ஒரு மதிப்பெண் கிடைக்கும்.

அந்த மதிப்பெண் ஒரு பதிலி. தனியாகப் பயிற்சி பெற்றால் இந்த வடிவம் எவ்வளவு எடுக்கும் என்பதுதான் நமக்குத் தேவை. அளக்கப்படுவதோ, மற்ற எல்லா வடிவங்களுக்காகவும் சேர்த்துச் செதுக்கப்பட்ட எடைகளோடு அது இப்போது எவ்வளவு எடுக்கிறது என்பது. இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டியதில்லை. வரிசை மாறாமல் இருந்தால் போதும். முறை முழுவதும் நிற்பது இந்த ஓர் எதிர்பார்ப்பின் மேல்.

டார்ட்ஸில் ஒவ்வோர் இணைப்பிலும் எல்லாச் செயல்களும் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. ஒவ்வொரு செயலின் வெளியீடும் ஒரு பங்கு எண்ணால் பெருக்கப்பட்டுக் கூட்டப்படுகிறது. ஓர் இணைப்பின் பங்குகளைக் கூட்டினால் 1 வரும். பயிற்சித் தரவின் ஒரு பாதியில் எடைகள் கற்கின்றன, மறு பாதியில் பங்குகள் சரிசெய்யப்படுகின்றன. தேடல் முடிந்ததும் பெரிய பங்குள்ள செயல் நிற்கும், மற்றவை வெட்டப்படும்.

தொடக்கத்தில் கன்வல்யூஷன் போன்ற கற்கும் செயல்களின் எடைகள் தற்செயலானவை. அவற்றின் வெளியீடு ஏறக்குறைய இரைச்சல். தாவு இணைப்புக்குக் கற்க எதுவும் இல்லாததால் அது முதல் நொடியிலேயே முழுத் திறனில் இருக்கிறது, தரவைச் சிதைக்காமல் ஆழமான அடுக்குகளுக்குக் கொண்டுசேர்க்கிறது. பிழையை வேகமாகக் குறைக்க வேண்டுமானால் அதன் பங்கைக் கூட்டுவதே குறுக்கு வழி. பங்குகளின் கூட்டு 1 என்பதால், ஒன்று கூடினால் மற்றவை குறையும். கன்வல்யூஷனின் பங்கு குறைந்தால் அதற்கு வந்துசேரும் திருத்தச் சைகையும் அதே அளவுக்கு மெலியும். அது இன்னும் மெதுவாகக் கற்கும். மெதுவாகக் கற்பதால் அதன் பங்கு மேலும் குறையும்.

பெருவலைக்கு இதனால் உடனடிப் பாதகம் எதுவும் இல்லை. சிறிய பங்கோடு இருந்தாலும் கன்வல்யூஷன்கள் உள்ளே இயங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. தாவு இணைப்பு அவற்றுக்குத் துணை. வெட்டும் கணத்தில் துணை நிற்கிறது, வேலை செய்தவை போய்விடுகின்றன.

ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தின் ஆர்பர் ஸேலா, ஃபிராங்க் ஹட்டர் குழுவினர் இந்தச் சரிவை இன்னும் கடுமையாகச் சோதித்தார்கள். அவர்கள் அமைத்த ஒரு தேடல் வெளியில் ஒவ்வோர் இணைப்புக்கும் இரண்டே தெரிவுகள். ஒன்று கன்வல்யூஷன். மற்றொன்று, உள்ளே வரும் எண்களைத் தூக்கி எறிந்துவிட்டு அவற்றின் இடத்தில் தற்செயல் எண்களை வைக்கும் செயல். இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க எந்தக் காரணமும் இல்லை. டார்ட்ஸ் தேர்ந்தெடுத்த வடிவங்களில் அது இடம்பெற்றது. சிஃபார்-10இல் அந்தத் தேர்வின் பிழை விகிதம் 7.20 விழுக்காடு. அதே தேடலை உரிய கணத்தில் நிறுத்தி வெட்டியபோது 3.71.

அதே ஆய்வில் வேறொன்றும் தெரிந்தது. தேடல் நீள நீளப் பெருவலையின் சரிபார்ப்புப் பிழை குறைந்துகொண்டே போனது. அதே காலத்தில், அதிலிருந்து வெட்டியெடுத்த வலையமைப்பின் பிழை கூடிக்கொண்டே போனது. தேடலை ஓட்டுபவரின் திரையில் தெரிவது முதல் கோடு மட்டும்.

வரிசை எவ்வளவு மாறுகிறது என்பதைக் கென்டல் டௌ என்ற அளவால் சொல்வார்கள். இரண்டு வலையமைப்புகளை எடுத்து, எது சிறந்தது என்பதில் பதிலியும் உண்மையும் ஒத்துப்போகின்றனவா என்று எல்லா இணைகளுக்கும் பார்ப்பது. முழுவதும் ஒத்துப்போனால் 1, நாணயம் சுண்டியதுபோல இருந்தால் 0. காய்செங் யூ, மாத்தியூ ஸால்ஸ்மன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2019இல் பகிர்ந்த எடைகளின் தரவரிசையை இப்படி அளந்தார்கள். மொழிக்கான ஒரு சிறிய வெளியில், வெறும் 32 வடிவங்கள் இருந்தபோதே, கிடைத்தது ஏறக்குறைய 0. படங்களுக்கான வெளியில் 0.2க்கு அருகில். 0.2 என்றால் பத்து இணைகளில் ஆறு சரி, நான்கு தவறு. அந்த ஆறிலும் பல, நல்லதற்கும் படுமோசமானதற்கும் இடையிலான எளிய இணைகளாக இருக்கலாம். தேர்வு நடப்பதோ உச்சியில், ஒன்றுக்கொன்று நெருங்கிய சிலவற்றுக்கு இடையில்.

இவ்வளவு பலவீனமான அளவுகோல் எப்படி இத்தனை நல்ல முடிவுகளைத் தந்தது என்று கேட்கலாம். டார்ட்ஸ் ஆய்வுத்தாளில் சிஃபார்-10 பிழை 2.76 விழுக்காடு. அது பொய்யான எண் அல்ல. ஆனால் அந்த எண்ணில் தேடலின் பங்கு எவ்வளவு என்பது வேறு கேள்வி.

அந்த்வான் யாங் உள்ளிட்டோர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், டார்ட்ஸின் தேடல் வெளியிலிருந்து 214 வடிவங்களைத் தற்செயலாக எடுத்து முழுமையாகப் பயிற்றுவித்தார்கள். சராசரித் துல்லியம் 97.03, விலகல் 0.23. பிழையாகச் சொன்னால் சராசரி 2.97. எந்தத் தேடலும் இல்லாமல் கிடைத்தது இது. அந்தத் தேடல் வெளிதான் அப்படி அமைக்கப்பட்டிருந்தது: அதில் எங்கே கை வைத்தாலும் நல்ல வலையமைப்பு கிடைக்கும். துல்லியத்தைத் தீர்மானிப்பதில் வடிவத்தைவிட இறுதிப் பயிற்சியின் நுட்பங்களுக்கே பெரிய பங்கு இருப்பதையும் அவர்கள் காட்டினார்கள். லியாம் லீ, அமீத் தல்வால்கர் இருவரும் பகிர்ந்த எடைகளோடு தற்செயல் தேடலை ஓட்டி எடுத்த பிழை 2.85.

ஆக, நாஸ்பெஞ்ச்-201இல் வந்த 54.30 எவருடைய கண்ணுக்கும் தப்பாத தோல்வி. டார்ட்ஸின் சொந்த வெளியில் தேர்வு தற்செயலைவிட மேம்பட்டதாக இல்லாமல் இருந்தாலும் அது 97 என்றே வெளிப்பட்டிருக்கும். அதை வெற்றி என்று எழுதியிருப்பார்கள். டார்ட்ஸ் ஆசிரியர்களே ஒரு தேடலின் விடையை அப்படியே ஏற்கவில்லை. வெவ்வேறு தொடக்க எண்களோடு நான்கு முறை தேடி, கிடைத்த நான்கு வடிவங்களையும் சிறிது காலம் தனியாகப் பயிற்றுவித்து ஒன்றைப் பொறுக்கினார்கள். கடைசித் தேர்வைச் செய்தது பங்கு எண்கள் அல்ல, அந்தத் தனிப்பயிற்சி.

பெருவலை முழுவதும் பயனற்றது என்றும் சொல்ல முடியாது. ருவோசென் வாங், ச்சோ-ஜுய் ஷே குழுவினர் 2021இல் பங்கு எண்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு செயலையும் பெருவலையிலிருந்து நீக்கிப் பார்த்தார்கள். எதை நீக்கினால் துல்லியம் அதிகம் விழுகிறதோ அதை வைத்துக்கொண்டார்கள். நாஸ்பெஞ்ச்-201இல் 54.30 என்றிருந்தது 88.11 ஆனது. தவறின் பெரும்பகுதி எண்களை வாசித்த விதத்தில் இருந்தது. ஆனால் 88.11 என்பதும் தற்செயல் தேடலின் 93.70க்குக் கீழேதான்.

ஒரு பெருவலையின் மதிப்பெண்ணை நம்பலாமா என்று கண்டறிய வழி இருக்கிறது. அதன் கிளைகளில் 30ஐத் தற்செயலாக எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் புதிதாக முழுப் பயிற்சி கொடுத்து, உண்மை வரிசையைப் பதிலி வரிசையோடு ஒப்பிட வேண்டும். 30இல் மேலே வந்த பத்துக்கு மட்டும் தனியாக டௌ கணக்கிட வேண்டும். தேடலைப் பல தொடக்க எண்களோடு ஓட்டி, விடைகளில் தாவு இணைப்புகள் எத்தனை என்று எண்ண வேண்டும். தேடல் தந்த வடிவத்துக்கும் தற்செயல் வடிவங்களுக்கும் ஒரே பயிற்சி கொடுத்து, இடையே உள்ள வித்தியாசத்தை எழுத வேண்டும்.

நாஸ்பெஞ்ச்-201இல் இவை அட்டவணையைப் புரட்டும் வேலை. சொந்தத் தரவோடு சொந்த வெளியில் தேடுபவரிடம் அட்டவணை இல்லை. டார்ட்ஸ் வெளியில் ஒரு வலையமைப்பின் முழுப் பயிற்சி 600 சுற்றுகள், ஒரு ஜிபியுவில் சுமார் ஒன்றரை நாள். 30 வலையமைப்புகளுக்கு 45 நாள். எதைச் சோதிக்க வேண்டுமோ அந்தத் தேடலுக்கு ஆனது அதிகபட்சம் நான்கு நாள்.