ஒருமுறை பிரித்தால் போதும்

2x + 3y = 8, 4x + 7y = 18 என்ற சமன்பாடுகளில் முதல் வரிசையை 2-ஆல் பெருக்கி இரண்டாவதிலிருந்து கழித்தால் x மறைந்துவிடும். கெழுக்களில் மிஞ்சுவது மேல்முக்கோண அணி U: மேல்வரிசையில் 2, 3; கீழ்வரிசையில் 0, 1. பெருக்கிய அந்த 2-ஐத் தூக்கியெறியாமல் கீழ்முக்கோண அணி L-இல் குறித்துவைப்பதுதான் இம்முறையின் சூட்சுமம். L-இன் மூலைவிட்டத்தில் 1, 1. கீழ் இடதுமூலையில் அந்த 2.

இனி வலப்பக்கம். முன்னோக்கிப் பிரதியிடும்போது முதல் எண் 8 அப்படியே நிற்கும்; அடுத்தது 18 − 2×8 = 2. பிறகு U-இல் கீழிருந்து மேலே போனால் y = 2; 2x = 8 − 6, எனவே x = 1.

வலப்பக்கம் 13, 29 என்று மாறினாலும் L, U மாறாது. 29 − 26 = 3; ஆகவே y = 3, x = 2.

ஆயிரம் மாறிகள் இருந்தால் பிரிப்பதற்குச் சுமார் 67 கோடிக் கணக்கீடுகள் வேண்டும். அதன்பின் ஒவ்வொரு புதிய வலப்பக்கத்துக்கும் ஏறத்தாழ 20 லட்சம் போதும்.

வகுக்கும் மூலைவிட்ட எண் பூஜ்யமானால் கணக்கு நின்றுவிடும். மிகச் சிறியதானால் நிற்காது. ஆனால் பெருக்கும் எண் பெருத்து, முழுமையாக்கும் பிழை விடையைக் கெடுத்துவிடும். அதனால் ஒவ்வொரு படியிலும் அந்த நிரலில் மீதமுள்ள பெரிய எண்ணை மேலே கொண்டுவர வரிசைகளை இடம்மாற்றுவார்கள். வலப்பக்கத்தையும் அதே வரிசையில் மாற்ற மறக்கக்கூடாது.