750 ரூபாய்ச் சண்டை

பால் பொங்குவதற்கு முன் பாத்திரத்தின் ஓரத்தில் குமிழி தோன்றும். அதைப் பார்த்தவர் அடுப்பைத் தணிப்பார். பார்க்காதவர் அடுப்பைத் துடைப்பார்.

அடுக்குமாடி வீடுகளில் நடக்கும் சண்டையும் இப்படித்தான். இந்தக் காலத்தில் அது மாடிப்படியில் தொடங்குவதில்லை. எல்லா வீட்டாரும் சேர்ந்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் தொடங்குகிறது. அங்கேயும் முதலில் சில குமிழிகள் தோன்றுகின்றன. அவை என்ன?

ஓர் ஆராய்ச்சி

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறது. அதைச் சேர்ந்தவர்களும் வேறு சிலரும் 2018ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். விக்கிப்பீடியா என்ற கலைக்களஞ்சியத்தைப் பலர் கூடி எழுதுகிறார்கள். எழுதும்போது தங்களுக்குள் விவாதம் செய்வார்கள். அந்த விவாதங்களில் ஆயிரத்துக்கும் மேலானவற்றை ஆராய்ச்சிக்காரர்கள் எடுத்துப் படித்தார்கள். எல்லாமே மரியாதையாகத் தொடங்கியவை. ஆனால், பாதி வசையில் முடிந்தவை.

முதல் இரண்டு பேச்சிலேயே வித்தியாசம் தெரிந்தது! வணக்கம், நன்றி, "எனக்கு இப்படித் தோன்றுகிறது" போன்ற சொற்கள் இருந்தவை பெரும்பாலும் அமைதியாகவே முடிந்தன. நேருக்கு நேர் கேள்வி கேட்டுத் தொடங்கியவையும், "நீங்கள்" என்று எதிராளியைச் சுட்டித் தொடங்கியவையும் சண்டையில் முடிவது அதிகமாக இருந்தது.

பிறகு, சாதாரண மக்களிடம் இரண்டு விவாதங்களின் தொடக்கத்தை மட்டும் காட்டினார்கள். "இவற்றில் எது சண்டையில் முடிந்திருக்கும்?" என்று கேட்டார்கள். 100க்கு 72 தடவை சரியான விடை வந்தது. ஆகவே, சண்டை வருவதை ஓரளவு முன்னால் அறியலாம். ஆனால் நாலில் ஒரு தடவை நம் ஊகம் தவறும் என்பதையும் மறக்கக்கூடாது.

அந்த ஆராய்ச்சி ஆங்கிலப் பேச்சைப் பற்றியது. நம் ஊர்ப் பேச்சில் இது எப்படி இருக்கும்?

ஓசூரில் ஒரு குடியிருப்பு

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. பெங்களூர் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் இங்குள்ள அடுக்குமாடியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுகிறவர்கள் ஒன்றாகக் குடியிருப்பார்கள். ஒருவர் காலை ஷிப்ட் போவார். ஒருவர் இரவு ஷிப்ட் போவார். சில வீடுகளின் சொந்தக்காரர்கள் பெங்களூரில் இருப்பார்கள்.

உதாரணத்துக்கு, 40 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பை எண்ணிக் கொள்வோம். கோடையில் ஆழ்குழாய்க் கிணறு வற்றிவிட்டது. லாரித் தண்ணீருக்கு 30 ஆயிரம் ரூபாய் கூடுதல் செலவு. பொருளாளர் இரவு 8 மணிக்குக் குழுவில் எழுதுகிறார்:

"வீட்டுக்கு 750 ரூபாய். 10ஆம் தேதிக்குள் கொடுக்கவும்."

எழுதிவிட்டு இரவு ஷிப்டுக்குப் போய்விடுகிறார். 9 மணிக்கு ஒருவர் கேட்கிறார்:

"சார், எங்கள் வீடு 2 மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. தண்ணீருக்கு நாங்களும் கொடுக்க வேண்டுமா?"

இது நியாயமான கேள்வி. "சார்" இருக்கிறது. பேச்சு தண்ணீரைப் பற்றியே இருக்கிறது. இதில் குமிழி எதுவும் இல்லை. ஆனால் இன்னொருவர் பதில் போடுகிறார்:

"கூட்டத்துக்கு நீங்கள் ஏன் வரவில்லை?"

இதுதான் முதல் குமிழி! தண்ணீரைப் பற்றிய பேச்சு ஆளைப் பற்றிய பேச்சாக மாறிவிட்டது. தமிழில் "நீங்கள்" என்று சொல்லாமலே பேசலாம். "கூட்டத்துக்கு வரவில்லையே" என்றாலே விளங்கும். அந்தச் சொல்லைத் தேடிக் கொண்டுவந்து வைக்கும்போது அது சுட்டு விரலாகிவிடுகிறது. கேட்டவருக்குப் பதில் வேண்டியதில்லை. குத்த வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த குமிழிகள்

9.30 மணிக்கு "சார்" மறைந்துவிடுகிறது. "304ஆம் நம்பருக்கு எப்போதும் இதே வேலை" என்று ஒருவர் எழுதுகிறார். மனிதருக்குப் பெயர் போய், வீட்டு எண்ணே பெயராகிவிட்டது. இது இரண்டாவது குமிழி.

10 மணிக்குப் பழைய கதை வருகிறது. "போன வருஷம் என் இடத்தில் யார் காரை நிறுத்தியது?" தண்ணீர்ப் பேச்சில் காருக்கு என்ன வேலை? ஒரு வழக்கு இரண்டாகிவிட்டது. இது மூன்றாவது குமிழி.

11 மணிக்கு எல்லோரும் பொருளாளரைத் தேடுகிறார்கள். "கணக்கு எங்கே? பதில் சொல்ல முடியவில்லையா?" என்கிறார்கள். அவர் தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன்னால் நிற்கிறார். போன் பையில் கிடக்கிறது. அவருடைய மௌனத்தைத் திமிர் என்று எண்ணிவிட்டார்கள்! ஷிப்ட் ஊரில் இது அடிக்கடி நேரும் தவறு. எழுதியவுடன் பதில் வராததை யாரும் குமிழியாக எண்ணக்கூடாது.

கணக்கு என்ன சொல்கிறது?

பூட்டிய வீட்டுக்காரரின் கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

காவலாளி, லிப்ட், மாடிப்படி விளக்கு ஆகியவற்றின் செலவு வீடு பூட்டியிருந்தாலும் குறையாது. அதில் அவர் பங்கு கொடுக்கத்தான் வேண்டும். லாரித் தண்ணீர் அப்படியல்ல. பயன்படுத்தாதவர் விலக்குக் கேட்பதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. பூட்டிய வீடுகள் 4 என்று வைத்துக் கொள்வோம். அவற்றை விலக்கினால், மற்ற 36 வீடுகளுக்குத் தலைக்கு 833 ரூபாய் வரும். அதாவது, 83 ரூபாய் கூடுதல்.

இரவு முழுவதும் நடந்த சண்டையின் விலை, வீட்டுக்கு 83 ரூபாய்! இதைச் சங்கக் கூட்டத்தில் பேசினால் கால் மணி நேரத்தில் முடிவு செய்துவிடலாம்.

அடுப்பைத் தணிப்பது எப்படி?

முதல் குமிழி தெரிந்தவுடன் குழுவில் வாதம் செய்ய வேண்டாம். விவரம் தெரிந்த ஒருவர் மூன்றே விஷயங்களை எழுதினால் போதும். லாரி ரசீதின் படம், பங்கு போட்ட விதம், கூட்டம் நடக்கும் நாள். "பொருளாளர் இரவு ஷிப்டில் இருக்கிறார், காலை 9 மணிக்குப் பதில் சொல்வார்" என்றும் சேர்த்தால், மௌனத்துக்குக் காரணம் விளங்கிவிடும். பிறகு, குத்திப் பேசியவரையும் குத்துப்பட்டவரையும் போனில் தனித்தனியாக அழைக்க வேண்டும். எழுத்தில் கடுமையாகத் தெரிந்தது குரலில் அப்படித் தெரியாது.

குழுவின் பொறுப்பாளர் மட்டுமே எழுதலாம் என்று பூட்டுப் போடும் வசதியும் வாட்ஸ்அப்பில் உண்டு. காரணம் சொல்லாமல் பூட்டினால் கோபக்காரர்கள் தனியாக வேறு குழு தொடங்குவார்கள். சண்டை அங்கே வளரும். "காலை 9 மணிக்குத் திறப்போம்" என்று சொல்லிப் பூட்டினால் கெடுதல் இல்லை.

ஓர் எச்சரிக்கை. கடுமையாகக் கேட்பவர் எல்லோரும் சண்டைக்காரர் அல்ல. மூன்று தடவை மரியாதையாகக் கணக்குக் கேட்டும் கிடைக்காதவர், நாலாவது தடவை கோபமாகத்தான் கேட்பார். அவர் வாயை அடைத்துப் பயனில்லை. கணக்கைக் காட்டத்தான் வேண்டும்.