அன்றைய நிலவில் அப்பா

இறந்துபோன தகப்பனாரைப் பற்றிப் பேசுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். “அப்பா திண்ணையில உக்காந்திருந்தார், நான் உள்ள வந்தேன்” என்று தொடங்குவார்கள். கொஞ்ச நேரத்தில், தங்களுக்கே தெரியாமல், “பேப்பரை மடிக்கிறார், என்னை ஒரு பார்வை பார்க்கிறார்” என்பார்கள். ‘வந்தேன்’ வரைக்கும் அது நடந்து முடிந்த கதை. ‘பார்க்கிறார்’ என்றதும் அப்பா எதிரே இருக்கிறார். குரல் கம்முவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

கவிதையிலும் இந்த இடத்தைப் பிடிக்கலாம். வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடிட்டு, எது எந்தக் காலம் என்று பக்கத்தில் குறித்துக்கொண்டே போனால் போதும். ஓர் எச்சரிக்கை: வீட்டைவிட்டுக் கிளம்பாமலே “இதோ வந்துட்டேன்” என்கிறோமே, அது இறந்தகால வடிவம்தான், ஆனால் நினைவல்ல, அவசரம். இலக்கணம் இதைக் காலவழுவமைதி என்று ஏற்றுக்கொள்கிறது. ஆகவே வடிவத்தோடு, சொல்கிறவர் திரும்பிப் பார்க்கிறாரா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தப் பென்சிலோடு புறநானூற்றின் 112ஆம் பாட்டுக்குப் போனால் ஒரு வேடிக்கை. பாரி மகளிர் பாடியது, ஐந்தே அடி. அன்றைய நிலவில் தந்தையும் இருந்தார், பறம்பு மலையும் பிறர் கைக்குப் போகவில்லை. இன்றைய நிலவில் வேந்தர்கள் மலையைப் பிடித்துக்கொண்டார்கள், தந்தையும் இல்லை. காலம் மாறுவது பளிச்சென்று தெரிகிறது. ஆனால் ‘கிறு’ எங்கே என்று தேடினால் கிடைக்காது. சங்கப் பாட்டில் அந்த இடைநிலை மிக அரிது. காலத்தைத் திருப்புகிறவை ‘அற்றை’, ‘இற்றை’ என்ற இரண்டு சொற்கள்.

வினைகளைப் பார்த்தால் இன்னும் வியப்பு. தந்தை இருந்ததைச் சொல்லும் ‘உடையேம்’ ஒரு குறிப்பு வினைமுற்று. அதில் காலம் காட்டும் உறுப்பே கிடையாது. ‘அற்றை’யைக் கையால் மறைத்துக்கொண்டு படித்தால் தந்தை இன்னும் உயிரோடிருக்கிறார்! மலையைப் பிறர் கொள்ளவில்லை என்னும் எதிர்மறை வினையும் அப்படித்தான். நினைவைச் சொல்லும் பாதியில் வெளிப்படையான இறந்தகால வினைமுற்று ஒன்றுகூட இல்லை. அது வருவது ‘இன்று’ என்னும் பாதியில், ஒரே ஒரு முறை: ‘கொண்டார்’. மலை போனது மட்டும் நடந்து முடிந்த செய்தி.

வரிசையும் மாறுகிறது. முன்பாதியில் முதலில் தந்தை, பிறகு மலை. பின்பாதியில் முதலில் மலை, கடைசியில் தந்தை. அவரைச் சொல்லும் வினை ‘இலமே’. மறுபடி காலம் காட்டாத சொல். இதை ‘இழந்தோம்’ என்று எழுதியிருந்தால் இறந்தகாலமாகி, ‘கொண்டார்’ போல அதுவும் ஒரு செய்தியாகியிருக்கும். ‘இலமே’ என்னும்போது அந்தப் பெண்கள் நிலவடியில், அப்பா இல்லாமல், நின்றுகொண்டிருக்கிறார்கள்.