அடுப்பங்கரை போனும் கூடத்து டிவியும்

அக்காவின் சமையல் வீடியோக்களுக்கு எடிட்டிங் செய்து கொடுப்பது என் வேலை. மட்டன் சுக்கா வீடியோ வெளியான மறுநாள் சித்தி போன் செய்தார். "ஏம்ப்பா, எல்லாம் காட்டினீங்க, மிளகாய்த்தூள் எவ்வளவுன்னு சொல்லவே இல்லையே?"

சொல்லியிருந்தோம். அளவுகள் அத்தனையும் திரையின் அடியில் மூன்று வரிகளாக ஓடின. என் கம்ப்யூட்டரில் அவை பளிச்சென்று தெரிந்தன. சித்தி பார்த்ததோ அடுப்புக்குப் பக்கத்தில் எண்ணெய் டப்பாவில் சாய்த்து வைத்திருந்த போனில். அன்றைக்குத்தான் நம் வீடியோவை யார் எந்தத் திரையில் பார்க்கிறார்கள் என்ற கணக்கை முதன்முதலாகத் திறந்து பார்த்தேன்.

யூடியூபில் சேனல் வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்தக் கணக்கு கிடைக்கிறது. யூடியூப் ஸ்டூடியோவில் Analytics பக்கத்தில் Advanced mode என்பதைத் திறந்து Device type என்று பிரித்துக் கேட்டால், போன், டிவி, கம்ப்யூட்டர், டேப்லெட் என்று தனித்தனி வரியாக வரும். பலரும் அதில் பார்வை எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது.

கணக்குக்காக ஒரு 12 நிமிட வீடியோவை எடுத்துக்கொள்வோம். 10,000 பார்வைகள். போனில் 7,200, டிவியில் 2,000, கம்ப்யூட்டரில் 800. இதை மட்டும் பார்த்தால் போனுக்காகவே எடுத்தால் போதும் என்று தோன்றும். அடுத்த கட்டத்தில் சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று இருக்கும். போனில் 3 நிமிடம், டிவியில் 9 நிமிடம், கம்ப்யூட்டரில் நாலரை நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் போனில் 360 மணி நேரம், டிவியில் 300, கம்ப்யூட்டரில் 60. பார்வையில் ஐந்தில் ஒரு பங்காக இருந்த டிவி, பார்த்த நேரத்தில் ஐந்தில் இரண்டைத் தாண்டிவிடுகிறது. போதாததற்கு, டிவியில் ஒரு பார்வை என்பது கூடத்தில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேராகவும் இருக்கலாம்.

இன்னொரு இடத்திலும் ஏமாறலாம். ஷார்ட்ஸையும் நீள வீடியோக்களையும் சேர்த்துப் பார்த்தால் போன் பங்கு பொய்யாக வீங்கும். ஷார்ட்ஸ் பெரும்பாலும் போனில் தள்ளித் தள்ளிப் பார்க்கப்படுவது. 2025 மார்ச் 31 முதல் அது ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வையாக எண்ணப்படுகிறது. ஆகவே நீள வீடியோக்களை மட்டும் வடிகட்டிவிட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

இனி எழுத்துக்கு வருவோம். போனை நிமிர்த்திப் பிடித்தால் வீடியோ ஏறக்குறைய 7 செ.மீ. அகலத்தில், 3.9 செ.மீ. உயரத்தில் ஓடும். 43 அங்குல டிவியில் அதே படம் 95 செ.மீ. அகலம், 53 செ.மீ. உயரம். முழு உயரம் 1080 புள்ளிகள் கொண்ட வீடியோவில் எழுத்தின் உயரம் 40 புள்ளி என்றால், டிவியில் அது 2 செ.மீ. நிற்கும், நிமிர்ந்த போனில் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. டிவியை இரண்டரை, மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்க்கிறோம், போனை ஒரு முழத்துக்குள் வைத்துப் பார்க்கிறோம் என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டாலும், கண்ணுக்கு டிவி எழுத்துத்தான் பெரிது. போனைப் படுக்கவைத்தால் நிலைமை மாறிவிடும். டிவியை விடவும் நன்றாகத் தெரியும். ஆனால் அடுப்படியில் மாவுக் கையோடு யார் போனைத் திருப்புகிறார்கள்? அந்தப் பட்டியலும் போன் என்று மட்டும்தான் சொல்லும், நிமிர்த்திப் பிடித்தார்களா படுக்கவைத்தார்களா என்று சொல்லாது. ஆகவே நிமிர்ந்த போனையே அளவுகோலாக வைக்கிறேன்.

தமிழுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. ஆங்கில எழுத்து சிறுத்தாலும் ஒருவாறு ஊகித்துவிடலாம். தமிழில் முதலில் மறைவது புள்ளி. அடுத்து கொம்பின் சுழி போய், ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒன்றாகிவிடும். அதற்கப்புறம் ண, ன இரண்டும் கலங்கும். வெள்ளை எழுத்து ஆவி பறக்கும் குழம்பின் மேல் விழுந்தால் இன்னும் மோசம். இப்போது 'க' என்ற எழுத்தின் உடல் மட்டும் 60 புள்ளி உயரம் வருமாறு வைக்கிறேன். போனில் அது 2 மில்லிமீட்டரைத் தாண்டும். எடிட்டிங் செயலியில் எழுத்தளவு 60 என்று போட்டால் இந்த உயரம் வந்துவிடாது. மேலும் கீழும் உள்ள குறிகளுக்கான இடமும் அந்த எண்ணுக்குள் அடக்கம். திரையில் அளந்துதான் வைக்க வேண்டும்.

இந்த அளவில் ஒரு வரிக்கு 20 எழுத்துக்கு மேல் வசதியாக நிற்காது. 'கொத்தமல்லித்தூள்' மட்டுமே 9 எழுத்து. மூன்று வரிப் பட்டியல் இப்படித்தான் போனது. அக்கா மசாலாவை அள்ளிப் போடும் அந்த நொடியில் 'மிளகாய்த்தூள் 2 ஸ்பூன்' என்று ஒரே வரி, கறுப்புப் பட்டையின் மேல், நாலு நொடி நிற்கிறது. டிவியில் அதே வரி 3 செ.மீ. உயரத்தில் சற்றுப் பெரிதாகத் தெரிவது உண்மைதான். அதைப் பொறுத்துக்கொள்ளலாம், படிக்கவே முடியாததைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

படத்தின் கட்டமைப்பிலும் இதே கணக்குத்தான். முன்பு அக்கா, அடுப்பு, கடாய் மூன்றும் தெரிய ஒரே இடத்தில் கேமராவை நிறுத்திவிடுவோம். கடாய் திரையில் ஐந்தில் ஒரு பங்கு. டிவியில் அது 19 செ.மீ., போனில் 1.4 செ.மீ., அதாவது கட்டைவிரல் நகத்தளவு. அதற்குள் கடுகு பொரிவதை யார் பார்ப்பது? ஒரு கடுகு சுமார் 2 மில்லிமீட்டர். அது போனிலும் அதே அளவில் தெரிய வேண்டுமானால், கடாயில் 6, 7 செ.மீ. அகலம் மட்டும் திரையை நிறைக்கும்படி நெருங்க வேண்டும். இப்போது தாளிப்பு, வெங்காயத்தின் நிறம், எண்ணெய் பிரிவது ஆகிய மூன்றுக்கும் அப்படி நெருங்குகிறோம். அந்த நெருக்கத்தை டிவியும் ஏற்கிறது, ஆனால் கேமரா ஸ்டாண்டில் நிற்க வேண்டும். போனில் தெரியாத கை நடுக்கமும் ஃபோகஸ் பிசகும் 95 செ.மீ. திரையில் அப்படியே தெரிந்துவிடும். முகத்தை மட்டும் அவ்வளவு நெருங்குவதில்லை. கூடத்தில் அது சுவரளவு வந்து நிற்கிறது.

ஓரங்களை டிவியும் போனும் வெவ்வேறு விதத்தில் தின்கின்றன. சில டிவிகள் நாலு பக்கமும் கொஞ்சம் வெட்டும். அதனால் ஒவ்வொரு ஓரத்திலும் 5 சதவீதம் காலியாக விடுவது வழக்கம். இன்றைய நீள போன்களில் படுக்கவைத்து இரு விரலால் விரித்தால் படம் திரையை நிறைக்கும், மேலும் கீழும் வெட்டுப்படும். 20:9 திரையில் பக்கத்துக்கு 10 சதவீதம், அதாவது 108 புள்ளிகள் போய்விடும். எங்கள் பழைய அளவுப் பட்டியலின் கடைசி வரி சரியாக அங்கேதான் இருந்தது.

மாற்றியது பலித்ததா என்று பார்க்கும்போது போனை டிவியோடு ஒப்பிடக் கூடாது. போனில் எப்போதும் சீக்கிரம் நகர்ந்துவிடுவார்கள். பழைய வீடியோக்களில் போனில் பார்த்த சராசரி நேரத்தைப் புதியவற்றின் போன் நேரத்தோடு, வெளியான முதல் 28 நாளுக்கு, ஏறக்குறைய ஒரே நீள வீடியோக்களாக எடுத்து ஒப்பிட வேண்டும். ஒரு வீடியோவை வைத்து முடிவு கட்ட முடியாது; அது பிரியாணியாக இருந்தால் எழுத்து எப்படி இருந்தாலும் ஓடும். ஐந்தாறாவது வேண்டும்.

அதுவரை காத்திருக்காமல் வெளியிடும் முன்பே ஒரு சோதனை செய்கிறோம். முடித்த வீடியோவை அக்கா போனில் ஏற்றி அடுப்பு மேடையில் நிமிர்த்தி வைத்துவிட்டு, சித்தியைக் கூப்பிட்டு இரண்டடி தள்ளி நிற்கச் சொல்கிறேன். கண்ணாடி போடாமல் அவர் மிளகாய்த்தூள் அளவைச் சத்தமாகப் படித்துவிட்டால் அன்றைக்கு ஏற்றிவிடுவோம்.