மிச்சம் குறைந்ததற்கே முதல் இடம்

கணினியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு படம் இறங்கும், இன்னொரு பக்கம் கடிதம் தட்டச்சாகும். எல்லாம் ஒரே சமயத்தில் நடப்பதுபோலத் தெரிந்தாலும், சிபியுவின் ஒரு கோர் ஒரு கணத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். மற்றவை வரிசையில் நிற்கும். அடுத்து யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிப்பது இயங்குதளம். அது பின்பற்றக்கூடிய விதிகளில் ஒன்று 'ஷார்ட்டஸ்ட் ரிமெயினிங் டைம் ஃபர்ஸ்ட்', சுருக்கமாக எஸ்.ஆர்.டி.எஃப். யாருக்கு மிச்ச வேலை குறைவோ அவருக்கே இப்போது சிபியு. ஓடிக்கொண்டிருக்கும் வேலையைவிடக் குறைந்த வேலையோடு புதிதாக ஒருவர் வந்தால், ஓடுகிறவர் பாதியில் இறங்கி இடம் விட வேண்டும்.

பொறியியல், பி.சி.ஏ. மாணவர்களுக்கு இது பரீட்சைக் கணக்கு. கட்டம் போட்ட தாளும் பென்சிலும் இருந்தால் வேறு யாரும்கூடப் போட்டுப் பார்க்கலாம். கூட்டல் கழித்தலுக்கு மேல் கணிதம் எதுவும் இதில் இல்லை.

நான்கு வேலைகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் வந்த நேரமும், அதற்குத் தேவையான சிபியு நேரமும் மில்லிசெகண்டில் இருக்கின்றன. இந்த இரண்டாவதைத்தான் வகுப்பில் பர்ஸ்ட் டைம் என்பார்கள்.

| வேலை | வந்த நேரம் | பர்ஸ்ட் டைம் |
|---|---|---|
| பி1 | 0 | 8 |
| பி2 | 1 | 5 |
| பி3 | 3 | 2 |
| பி4 | 6 | 2 |

முதலில் வரைய வேண்டியது காண்ட் சார்ட். தொழிற்சாலை வேலைகளைக் கால அளவின்மேல் பட்டைகளாக வரைந்து காட்டும் முறையை 1910-களில் பரப்பிய அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி காண்ட்டின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. நமக்கு வேண்டியது ஒரு நீளமான பட்டை மட்டும். இடமிருந்து வலமாக நேரம் ஓடும். எந்த நேரத்தில் சிபியு யார் கையில் இருந்தது என்பதைக் கட்டங்கள் சொல்லும்.

ஒவ்வொரு மில்லிசெகண்டிலும் நின்று யோசிக்கத் தேவையில்லை. புதிய வேலை வரும்போதும், ஓடும் வேலை முடியும்போதும் மட்டும் நின்றால் போதும். இடையில் ஓடுகிற வேலையின் மிச்சம் குறைந்துகொண்டே போகும், காத்திருப்பவர்களின் மிச்சம் மாறாது. ஆகவே நடுவில் யாரும் அதை முந்த வழியில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாருக்கு எவ்வளவு மிச்சம் என்று தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டே வர வேண்டும். அதை மனத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் இடத்தில்தான் கணக்கு தடம் மாறும்.

நேரம் 0. பி1 மட்டுமே இருக்கிறது, அது ஓடத் தொடங்குகிறது. நேரம் 1-இல் பி2 வருகிறது. பி1 ஒரு மில்லிசெகண்ட் ஓடிவிட்டதால் அதன் மிச்சம் 7, பி2-இன் மிச்சம் 5. பி1 இறங்குகிறது, பி2 ஏறுகிறது. நேரம் 3-இல் பி3 வருகிறது. அதற்குள் பி2 இரண்டு மில்லிசெகண்ட் ஓடி, மிச்சம் 3 ஆகியிருக்கிறது. பி3-க்கு வேண்டியது 2 மட்டுமே. எனவே பி2-உம் இறங்க வேண்டியதுதான். பி3 நேரம் 5-இல் முடிகிறது. இப்போது இருப்பவை பி1 (மிச்சம் 7), பி2 (மிச்சம் 3). பி2 மறுபடி ஏறுகிறது.

நேரம் 6-இல் பி4 வருகிறது, தேவை 2. பி2-இன் மிச்சமும் இப்போது 2. இரண்டும் சமம். வழக்கமான விதி, ஓடுகிறவரை இறக்காதே என்பது. புதியவரின் தேவை கண்டிப்பாகக் குறைவாக இருந்தால்தான் மாற்றம். ஆகவே பி2 தொடர்ந்து ஓடி நேரம் 8-இல் முடிகிறது. மீதி பி4-உம் பி1-உம். பி4 எட்டிலிருந்து பத்து வரை, பி1 பத்திலிருந்து பதினேழு வரை.

```
| பி1 | பி2 | பி3 | பி2 | பி4 | பி1 |
0     1     3     5     8    10    17
```

அடுத்த கணக்குக்குப் போகுமுன் ஒரு சரிபார்ப்பு. நான்கு வேலைகளின் தேவையைக் கூட்டினால் 8+5+2+2, அதாவது 17. பட்டையும் 17-இல் முடிகிறது. சில கணக்குகளில் ஒரு வேலை முடிந்து அடுத்தது வரும்வரை சிபியு சும்மா இருக்கும். அந்த இடைவெளிக்கும் ஒரு வெற்றுக் கட்டம் வரைந்து, அதன் நீளத்தையும் கூட்டலில் சேர்க்க வேண்டும்.

இனி நேரங்கள். ஒரு வேலை வந்ததிலிருந்து முடியும்வரை ஆன மொத்த நேரம் டர்ன்அரவுண்ட் டைம். முடிந்த நேரத்திலிருந்து வந்த நேரத்தைக் கழித்தால் அது கிடைக்கும். அதில் உண்மையில் ஓடிய நேரத்தைக் கழித்தால், மிஞ்சுவது சும்மா நின்ற நேரம், அதாவது வெயிட்டிங் டைம்.

| வேலை | முடிந்த நேரம் | டர்ன்அரவுண்ட் | வெயிட்டிங் |
|---|---|---|---|
| பி1 | 17 | 17 − 0 = 17 | 17 − 8 = 9 |
| பி2 | 8 | 8 − 1 = 7 | 7 − 5 = 2 |
| பி3 | 5 | 5 − 3 = 2 | 2 − 2 = 0 |
| பி4 | 10 | 10 − 6 = 4 | 4 − 2 = 2 |

டர்ன்அரவுண்ட் மொத்தம் 30, சராசரி 7.5 மில்லிசெகண்ட். வெயிட்டிங் மொத்தம் 13, சராசரி 3.25.

மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, வெயிட்டிங் டைம் என்றால் முதன்முதலில் சிபியு கிடைக்கும்வரை நின்ற நேரம் என்று எடுத்துக்கொள்வது. அப்படிப் பார்த்தால் பி1-க்கும் பி2-க்கும் பூஜ்யம் வரும், சராசரி வெறும் 0.5 ஆகிவிடும். அது ரெஸ்பான்ஸ் டைம் எனப்படும் வேறொரு அளவு. வந்தவர்களை வரிசைப்படி, இடையில் நிறுத்தாமல் ஓடவிடும் முறைகளில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் அப்படியே போடத் தோன்றும். ஆனால் இங்கே பாதியில் இறக்கிவிடப்பட்டவர் மறுபடி ஏறும்வரை நிற்கும் நேரமும் கணக்கில் வர வேண்டும். பி1 பட்டையில் 0–1, 10–17 என இரண்டு துண்டாக இருக்கிறது. நடுவில் உள்ள 9-தான் அதன் காத்திருப்பு. கழித்தல் கணக்கில் வந்த விடையும் அதுவே.

இரண்டாவது, மிச்சத்துக்குப் பதிலாக அட்டவணையில் உள்ள பழைய தேவையை ஒப்பிடுவது. நேரம் 6-இல் பி2-க்கு 5 என்று கேள்வியில் இருப்பதைப் பார்த்து, பி4-இன் 2 அதைவிடச் சின்னது என்று மாற்றிவிடுவார்கள். இந்தக் கணக்கில் அந்தப் பிழை சராசரியைக் கெடுக்காது. பி4 முதலில் ஓடினால் அதன் காத்திருப்பு 0, பி2-இன் காத்திருப்பு 4. மொத்தம் அதே 13. ஆனால் பி4-க்கு 4 மில்லிசெகண்ட் தேவைப்பட்டிருந்தால் இதே பிழை விடையையே மாற்றியிருக்கும். ஆக, கடைசிச் சராசரி சரியாக வந்துவிட்டது என்பதால் மட்டும் பட்டையும் சரி என்று சொல்லிவிட முடியாது.

விடையை வேறொரு பாதையில் சோதிக்க ஒரு வழி உண்டு. இந்த முறையின் சூட்சுமமும் அதற்குள்தான் இருக்கிறது. ஒரு ஜெராக்ஸ் கடையில் நிமிடத்துக்கு ஒருமுறை எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணி, எல்லா நிமிடங்களையும் கூட்டினால், அங்கே வந்தவர்கள் அனைவரும் கழித்த மொத்த நேரம் கிடைத்துவிடும். அதே போல ஒவ்வொரு மில்லிசெகண்டிலும் இன்னும் முடியாமல் இருக்கும் வேலைகளை எண்ணுவோம். 0 முதல் 1 வரை ஒன்று. 1 முதல் 3 வரை இரண்டு, ஆக 4. 3 முதல் 5 வரை மூன்று, ஆக 6. 5 முதல் 6 வரை இரண்டு. 6 முதல் 8 வரை மூன்று, ஆக 6. 8 முதல் 10 வரை இரண்டு, ஆக 4. கடைசி 7 மில்லிசெகண்டும் பி1 மட்டும், ஆக 7. கூட்டினால் 1+4+6+2+6+4+7, அதாவது 30. டர்ன்அரவுண்ட் மொத்தமும் அதேதான்.

கூட்டத்தைச் சீக்கிரம் குறைத்தால் மொத்தமும் குறையும் என்பது இதிலிருந்து தெரிகிறது. கூட்டத்தில் ஒரு தலையை மிக விரைவில் குறைக்க வேண்டுமானால், மிச்சம் குறைந்தவரை முடித்து அனுப்ப வேண்டும். எஸ்.ஆர்.டி.எஃப். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதைத்தான் செய்கிறது. இடையில் நிறுத்த அனுமதி இருந்து, மாற்றத்துக்குச் செலவும் இல்லையென்றால், இதைவிடக் குறைந்த சராசரியை எந்த முறையாலும் தர முடியாது. வரிசைகளைப் பற்றிய ஆய்வில் இதை லைனஸ் ஷ்ராகே 1968-இல் நிரூபித்தார். சமமான மிச்சத்தில் யாரை எடுத்தாலும் சராசரி மாறாததற்கும் காரணம் இதுதான். யார் போனாலும் கூட்டம் ஒரே கணத்தில்தான் குறைகிறது.

நம் நான்கு வேலைகளையும் வேறு முறைகளில் ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். வந்த வரிசைப்படி விட்டால் காத்திருப்பு முறையே 0, 7, 10, 9, சராசரி 6.5, சரியாக இரண்டு மடங்கு. குறைந்த தேவை உள்ளவரை முதலில் எடுத்து, ஆனால் ஓடுகிறவரை இறக்காமல் விட்டால் 0, 11, 5, 4, சராசரி 5. முதலில் வந்த பி1 எட்டு மில்லிசெகண்டும் சிபியுவைப் பிடித்துக்கொள்வதுதான் இரண்டிலும் சிக்கல்.

ஆனால் இந்த லாபத்துக்கு விலை கொடுத்தது பி1. வந்த வரிசை முறையில் அது ஒரு நொடிப்பொழுதும் நிற்கவில்லை, இங்கே 9 மில்லிசெகண்ட் நின்றது. நேரம் 10-க்குள் இன்னும் சில சின்ன வேலைகள் வந்திருந்தால் மேலும் நின்றிருக்கும். 7-க்குக் குறைந்த வேலைகள் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் அதன் முறை வராமலே போகலாம். பாடப்புத்தகங்களில் ஸ்டார்வேஷன் என்று சொல்வது இதைத்தான். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய வேலையின் நிலையைச் சேமித்து, புதியதன் நிலையை ஏற்ற ஆகும் நேரத்தையும் நம் பட்டை பூஜ்யமாகவே எடுத்துக்கொண்டது.

இன்னொன்று, கேள்வித்தாளில் பர்ஸ்ட் டைம் அச்சிட்டுக் கொடுக்கப்படுகிறது. நிஜக் கணினிக்கு அதை யாரும் சொல்வதில்லை. ஒரு வேலை முன்பு எவ்வளவு நேரம் ஓடியது என்பதை வைத்து, அண்மைய ஓட்டங்களுக்கு அதிக மதிப்புக் கொடுத்து, அடுத்ததை ஊகிக்க மட்டுமே முடியும். அதனால்தான் இயங்குதளங்கள் இந்த முறையை அப்படியே பயன்படுத்துவதில்லை. தாளில் வரும் 3.25, எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் எட்டக்கூடிய எல்லை. எதிர்காலம் தெரியாத ஒரு முறை அதே நான்கு வேலைகளுக்கு 4 அல்லது 5 கொடுத்தால், அது எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று அளந்து பார்க்க அந்த எண் உதவுகிறது.