யாருக்கு அனுப்புவது, எப்போது பதில் வரும்?

ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். ஆனால் திருத்தியது மூல நிரலில் சேர வேண்டுமானால் ஒருவர் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். அவரைத்தான் பராமரிப்பாளர் என்கிறார்கள். பெரிய திட்டங்களில் ஒருவரே எல்லாவற்றையும் பார்க்க முடியாது. அதனால் பகுதி பகுதியாகப் பிரித்து, யார் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று ஒரு பக்கத்தில் பெயர்களோடு எழுதி வைக்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே அவரைப் பற்றி நாலைந்து வரி இருக்கும்.

அந்த நாலைந்து வரியைப் பலர் கல்யாணத் தரகரிடம் கொடுக்கும் பயோடேட்டா போல எழுதிவிடுகிறார்கள். படிப்பு, வேலை, தெரிந்த கணினி மொழிகள், ஆர்வங்கள் எல்லாம் இருக்கும். படிக்க வருபவருக்கு வேண்டியது வேறு. ஒரு பிழையைக் கண்டுபிடித்து, இரவு கண்விழித்துத் திருத்தி, அதை யாரிடம் கொடுப்பது என்று தேடிக்கொண்டு அவர் வருகிறார். அவருக்கு மூன்று கேள்விகள்தான். இது உங்கள் பகுதியா? இதில் முடிவு சொல்ல உங்களுக்குப் பழக்கம் உண்டா? எப்போது பதில் வரும்?

இந்த மூன்றுக்கும் மிகக் கறாராகப் பதில் சொல்லும் இடம் லினக்ஸ் கெர்னல். அதன் மூல நிரலின் மேல்தட்டிலேயே `MAINTAINERS` என்றொரு கோப்பு இருக்கிறது. வெறும் எழுத்துக் கோப்புதான், ஆனால் இருபதாயிரம் வரிகளுக்கு மேல் நீளம். ஒரு பகுதிக்கான பதிவு இப்படி இருக்கும்:

```
FOO KEYBOARD DRIVER
M:	Name <name@example.org>
R:	Other Name <other@example.org>
S:	Odd Fixes
F:	drivers/input/keyboard/foo*
```

`M:` என்பவர் முடிவெடுப்பவர். `R:` என்பவர் படித்துக் கருத்துச் சொல்பவர். சேர்ப்பதும் மறுப்பதும் அவர் கையில் இல்லை. `F:` என்பது அவர்களுடைய எல்லை. இந்த எல்லையை எழுதுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. `drivers/net/` என்று சாய்கோட்டில் முடித்தால், அந்த அடைவும் அதற்குக் கீழே இருக்கும் எல்லா அடைவுகளும் உங்கள் பொறுப்பு. `drivers/net/*` என்று உடுக்குறி போட்டால், அந்த அடைவில் நேரடியாக இருக்கும் கோப்புகள் மட்டும். ஒரே ஒரு குறியில் பொறுப்பு பல மடங்கு கூடும், குறையும்.

திருத்தம் அனுப்புபவர் இந்தக் கோப்பைக் கண்ணால் தேட வேண்டியதும் இல்லை. கூடவே ஒரு சிறு நிரல் இருக்கிறது:

```
scripts/get_maintainer.pl -f drivers/input/keyboard/atkbd.c
```

கோப்பின் பெயரைக் கொடுத்தால், யார் யாருக்கு மின்னஞ்சல் போக வேண்டும் என்ற பட்டியலைத் தந்துவிடும். பொருத்தமான பதிவு எதுவும் இல்லையென்றால், அந்தக் கோப்பை அண்மையில் தொட்டவர்கள் யார் என்று பழைய மாற்றங்களைப் புரட்டிப் பார்த்துச் சொல்லும். அந்தப் பட்டியலில் சம்பந்தமே இல்லாதவர்களும் வந்து விழுவார்கள். எப்போதோ ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தியவருக்குக்கூட மடல் போகும். எல்லை எழுதப்படாத பகுதிக்கு இதுதான் கதி.

ஆகவே குறிப்பின் முதல் வரி எல்லையைச் சொல்ல வேண்டும். இதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். பாமினி, டிஸ்கி போன்ற பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் ஒரு சிறு திட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் பராமரிப்பாளர் ஒருவர் முதலில் இப்படி எழுதுகிறார்:

“தமிழ்க் கணிமை ஆர்வலர். பல ஆண்டுகளாகப் பங்களித்து வருகிறேன். பைதான், ஜாவாஸ்கிரிப்ட் தெரியும். எந்த உதவிக்கும் தயங்காமல் அணுகலாம்.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பாமினி அட்டவணையில் பிழை கண்டவருக்கும், பிடிஎஃப் கோப்பைத் திறக்க முடியாமல் திண்டாடுபவருக்கும், இணையதளத்தின் நிறம் பிடிக்காதவருக்கும் இது ஒரே பதிலைத்தான் சொல்கிறது. மூன்று பேரும் அவருக்கே எழுதுவார்கள். அதையே இப்படி எழுதலாம்:

“`src/bamini/`, `src/tscii/` ஆகிய இரண்டும் என் பொறுப்பு, இவற்றில் வரும் மாற்றங்களை ஏற்பதும் மறுப்பதும் நான். பிடிஎஃப் படிக்கும் பகுதியை நான் பார்ப்பதில்லை.”

இரண்டாவது வாக்கியம் முதல் வாக்கியத்தைவிட அதிகம் வேலை செய்கிறது. எது உங்களுடையது இல்லை என்று சொல்லிவிட்டால், தவறான வாசலில் காத்திருப்பவர்கள் குறைந்துவிடுவார்கள்.

அடுத்தது பங்களிப்பு. இங்கேதான் எண்ணிக்கை காட்டும் ஆசை வருகிறது: இத்தனை கமிட், இத்தனை வரி. ஒரு கோப்பை இடம் மாற்றி வைத்தாலே ஆயிரம் வரி மாறியதாகக் கணக்கு வரக்கூடும் என்பதால், எண்ணிக்கை எதையும் நிரூபிக்காது. நீங்கள் எடுத்த ஒரு கடினமான முடிவைச் சொன்னால், உங்களுக்கு எது தெரியும் என்று படிப்பவருக்குச் சட்டென்று புரியும்.

நம் உதாரணத்தில், பாமினி முறையில் “கொ” என்று வர `nfh` என்று தட்ட வேண்டும். `n` ஒற்றைக் கொம்பு, `f` என்பது க, `h` என்பது கால். கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகள் சேமிக்கப்படுகின்றன. யூனிகோடில் அப்படி இல்லை. முதலில் க, அதன் பிறகு ஒகரக் குறி. ஆகவே ஒவ்வோர் எழுத்தாக மாற்றிக்கொண்டே போனால் கொம்பு தவறான எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். முழு எழுத்துக்கூட்டத்தையும் சேர்த்துப் பார்த்து, நீளமானதை முதலில் பொருத்த வேண்டும். நம் பராமரிப்பாளர் எழுதக்கூடிய நல்ல வரி இது: “கொம்பும் காலும் பிரிந்து வரும் எழுத்துகளை (`nfh` → கொ) ஒன்றாகப் பொருத்தும் விதியை எழுதினேன், அதற்கான சோதனைக் கோப்புகளும் என்னுடையவை.” இந்த ஒரு வரி, பத்து மொழிகளின் பெயரை அடுக்குவதைவிட அதிகம் சொல்கிறது. அந்த விதியை மாற்ற நினைப்பவருக்கு யாரிடம் பேச வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது.

மூன்றாவது, நேரம். என் பார்வையில் முழுக் குறிப்பிலும் முக்கியமான வரி இதுதான். எழுதக் கூச்சப்பட்டு விட்டுவிடும் வரியும் இதுதான். “எப்போதும் அணுகலாம்” என்று எழுதுவது பெருந்தன்மையாகத் தெரியும். சம்பளமில்லாமல் வேலை நேரத்துக்கு வெளியே உழைக்கும் ஒருவரால் அதைக் காப்பாற்ற முடியாது.

லினக்ஸ் கெர்னல் இதை `S:` என்ற ஒரே வரியில் தீர்த்து வைத்திருக்கிறது. `Supported` என்றால், இதைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்குச் சம்பளம் கிடைக்கிறது. `Maintained` என்றால், ஒருவர் உண்மையாகவே கவனித்து வருகிறார். `Odd Fixes` என்றால், ஆள் இருக்கிறார், ஆனால் அவ்வப்போது ஒரு திருத்தத்தைச் சேர்ப்பதற்கு மேல் அவருக்கு நேரமில்லை. `Orphan` என்றால், ஆளே இல்லை. “எனக்கு நேரமில்லை” என்று சொல்ல அங்கே முறையான ஓர் இடம் இருக்கிறது. யாரும் அதற்காக வருத்தம் தெரிவிக்கத் தேவையில்லை. பதிவில் `P:` வரி சேர்த்து, தனி விவரக் குறிப்பு ஒன்றையும் இணைக்கலாம். பதிலுக்கு எத்தனை நாள் காத்திருந்து நினைவூட்ட வேண்டும் என்பதை அதில் சொல்லலாம்.

இந்த வரி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை `xz` விவகாரம் காட்டியது. கோப்புகளைச் சுருக்கும் இந்த மென்பொருள் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கிறது. அதைப் பல ஆண்டுகளாகக் கவனித்தவர் பின்லாந்தைச் சேர்ந்த லாசே கொலின், ஏறக்குறைய தனி ஆளாக. 2022-ல், திருத்தங்கள் தாமதமாகின்றன, வேறு பராமரிப்பாளர் வேண்டும் என்று முகம் தெரியாத சிலர் அவரை நெருக்கினார்கள். இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்று அவர் பதில் சொன்னார். ஏற்கெனவே திருத்தங்கள் அனுப்பி உதவிக்கொண்டிருந்த ஜியா டான் என்ற பெயருக்கு மெல்ல மெல்ல இணைப் பராமரிப்பாளர் பொறுப்பு போய்ச் சேர்ந்தது. 2024-ல் வெளிவந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில், அந்தப் பெயரில் இருந்தவர் ரகசியக் கதவு ஒன்றை வைத்திருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும்போது ஏறக்குறைய அரை வினாடி தாமதம் ஏற்படுவதைக் கவனித்து, ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற நிரலாளர் 2024 மார்ச் 29 அன்று அதை அம்பலப்படுத்தினார்.

ஒரு பக்கத்தில் நாலு வரி சரியாக எழுதியிருந்தால் இது நடந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கும் பெயர் ஆளின் நேர்மைக்குச் சான்றாகாது. ஆனால் தாமதத்தைக் காட்டித்தான் அந்த நெருக்கடி உண்டாக்கப்பட்டது. “மாதம் ஒரு முறைதான் பார்ப்பேன்” என்று முன்கூட்டியே ஊரறிய எழுதி வைத்த இடத்தில், ஒரு மாதத் தாமதத்தைக் குற்றமாகக் காட்டுவது அவ்வளவு சுலபமில்லை. தனி ஆளாக இருக்கிறார் என்பது வெளிப்படையாகத் தெரிந்தால், அந்த மென்பொருளை நம்பியிருக்கும் நிறுவனங்களும் முன்பே விழித்துக்கொள்ள ஒரு வாய்ப்பு உண்டு.

நம் உதாரணக்காரர் எழுத வேண்டியது இவ்வளவுதான்: “சனி, ஞாயிறு மட்டும் பார்ப்பேன், இந்திய நேரம். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் அதே திரியில் நினைவூட்டுங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் கிடைக்க மாட்டேன். பாதுகாப்புப் பிழை என்றால் எனக்குத் தனியாக எழுதாமல் `SECURITY.md` கோப்பில் உள்ள முகவரிக்கு அனுப்புங்கள்.” வீட்டு முகவரியும் கைபேசி எண்ணும் தேவையில்லை; எந்த நேர மண்டலம் என்று தெரிந்தால் போதும். கடைசி வரி மிகவும் அவசியம். பாதுகாப்புப் பிழை சனிக்கிழமை வரை காத்திருக்காது என்பதால், பலர் பார்க்கும் பொது முகவரிக்கு அது போக வேண்டும்.

இனி, எழுதி வைத்த குறிப்பு பழசாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நிரலையே கேட்கலாம்:

```
git log --since="1 year ago" --format="%an %s" -- src/bamini/
```

கடந்த ஓராண்டில் அந்த அடைவைத் தொட்டவர்களின் பெயர்கள் வரும். பொறுப்பாளரின் பெயர் அதில் இல்லையென்றால் உடனே அவரைக் குறை சொல்லிவிடக் கூடாது. மற்றவர்கள் எழுதியதை அவர் படித்து ஒப்புதல் அளித்துக்கொண்டிருக்கலாம். எனவே ஒப்புதல்களையும் விவாதங்களையும் பார்க்க வேண்டும். அங்கேயும் பெயர் இல்லை, மின்னஞ்சலும் திரும்பி வருகிறது என்றால் குறிப்பு செத்துவிட்டது. வேலை மாறும்போது அலுவலக முகவரி அணைந்துபோவதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். பக்கத்தில் சொந்த முகவரியைத் தருவது அதனால்தான் நல்லது.

விலகுகிறவருக்கும் கெர்னலில் ஓர் இடம் உண்டு. பெயரை `MAINTAINERS` கோப்பிலிருந்து எடுத்து, `CREDITS` என்ற கோப்பில் அவர் செய்த பணியோடு சேர்த்துப் பதிந்து வைக்கலாம். செய்ததற்கான நன்றி ஒரு கோப்பில், இன்றைய பொறுப்பு இன்னொரு கோப்பில். இரண்டையும் ஒரே பக்கத்தில் கலக்கும்போதுதான், மரியாதைக்காக நீக்கப்படாத பெயர்களுக்கு மடல் எழுதிவிட்டுப் புதியவர்கள் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். சிறிய திட்டங்களும் “முன்னாள் பராமரிப்பாளர்கள்” என்றொரு தலைப்பைப் போட்டு இதைச் செய்துவிடலாம். கூடவே ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் அதைக் கடைசியாகச் சரிபார்த்த மாதத்தையும் ஆண்டையும் எழுதுங்கள். இரண்டு ஆண்டுக்கு முந்தைய தேதியைப் பார்த்தால், மடல் அனுப்பும் முன் வேறு ஆள் இருக்கிறாரா என்று படிப்பவரே விசாரித்துக்கொள்வார்.